பெயர் குறிக்காத எழுத்துப்படி: வாசித்துப் பிரிப்பதா, கேட்டுப் பிரிப்பதா?

வயதான தம்பதியரிடம் எடுத்த வாய்மொழி வரலாற்றுப் பேட்டி ஒன்றின் எழுத்துப்படி என்னிடம் வந்தபோது, யார் பேசினார் என்ற குறிப்பு அதில் எங்கும் இல்லை. அதில் ஓரிடம் இது:

«அந்த வருஷம் அறுப்புக்கு ஆளே கிடைக்கல.»
«அப்புறம் என்ன பண்ணீங்க?»
«நாங்களே இறங்கி அறுத்தோம்.»
«நாம எங்க அறுத்தோம், உங்க தம்பிதானே வந்து அறுத்தாரு.»
«ஆமா.»

எழுத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முனைபவருக்குத் தமிழ் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிறது. இந்தியில் தன்மை வினையிலேயே பேசுபவர் ஆணா பெண்ணா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நம் ‘அறுத்தேன்’, ‘அறுத்தோம்’ ஆகியவற்றில் அது தெரியாது. ஆனால், கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற பிரிவு இங்கே பெரிதும் உதவுகிறது. மூன்றாம் வரியின் ‘நாங்க’ பேட்டி எடுத்தவரை நோக்கியது; நான்காம் வரியின் ‘நாம’ வாழ்க்கைத் துணையை நோக்கியது. அந்தத் தலைமுறையில் கணவர் மனைவியிடம் ‘உன் தம்பி’ என்றிருப்பார் என்பதால் ‘உங்க தம்பி’ என்றவர் மனைவி; அவர் மறுக்கும் மூன்றாம் வரி கணவருடையது. இந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு: ‘நம்ம ஊர்ல’, ‘நம்ம வீட்ல’ என்று வெளியாரிடமும் இயல்பாகச் சொல்வோம் என்பதால், ‘நம்ம’ என்பதை மட்டும் நம்பி யாருடைய பெயரையும் போட நான் துணியமாட்டேன்.

ஒலிப்பதிவைக் கேட்டுப் பிரிப்பது நேரத்தைத் தின்னும். ஒரு மணி நேரப் பேச்சைச் சரிபார்க்க அரை நாள் எளிதில் போய்விடும். குரல்களைத் தானாகப் பிரிக்கும் மென்பொருள் வேலையைக் குறைத்தாலும், அது தருவது `SPEAKER_00`, `SPEAKER_01` போன்ற அடையாளங்களே. எது யார் என்பதை நாம்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்திலும், ‘ம்’, ‘ஆமா’ போன்ற துண்டுப் பேச்சிலும் அது அடிக்கடி தடுமாறும்.

ஒலிப்பதிவு கிடைக்கும் என்றால் என் தேர்வு அதுவே. ஆனால் வரிசை முக்கியம். எழுத்தில் முடிவு கட்டிய பிறகு கேட்டால், காது அந்த முடிவுக்கே ஒத்து ஊதும். ஆகவே முதல் பத்து நிமிடம் படியைப் பாராமல் கேட்டுக் குரல்களைப் பழகிக்கொண்டு, பிறகு வாசித்து, ஐயமான வரிகளில் கேள்விக்குறி இட்டு, அவற்றை மட்டும் திரும்பக் கேட்கிறேன்.

மேற்கண்ட பகுதியில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் கேள்விக்குறி இட்டிருந்தேன். மூன்றாம் வரியின் தொடர்ச்சியைப் பார்த்து முதல் வரியையும் கணவருடையது என்றே நினைத்திருந்தேன். அதைப் பேசியவர் மனைவி. ‘ஆமா’ மட்டும் கணவருடையது, அதுவும் ‘அறுத்தாரு’ முடிவதற்குள்ளேயே சிரிப்போடு வந்து விழுந்திருந்தது.