புது கம்ப்ளெயின்ட் நம்பர் கொடுத்தே உங்கள் முதல் புகார் தேதியை அழித்துவிடுவார்கள், ஜாக்கிரதை

2023 மார்ச் 3-ம் தேதி ஏ.டி.எம்.மில் பத்தாயிரம் எடுக்கப் போனேன், பணம் வெளியே வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. அதே சமயம் ஆன்லைனில் வாங்கிய மிக்ஸி உடைந்து வந்ததற்கு ரீஃபண்ட் இழுபறி, அம்மாவின் மருத்துவக் காப்பீட்டில் பாதித் தொகையை வெட்டிய தகராறு. மூன்றும் ஒன்றாக ஓடியதால்தான் ஒரு ஷீட் போட்டு எல்லாத் தேதியையும் நம்பரையும் எழுதி வைத்தேன். அது இல்லையென்றால் வங்கி செய்த வேலை எனக்குத் தெரிந்தே இருக்காது.

நடந்தது இதுதான். மறுநாள் 4-ம் தேதி கஸ்டமர் கேருக்குப் போன் செய்து ஒரு நம்பர் வாங்கினேன், அன்று மாலையே அதே விவரத்தை மெயிலிலும் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "அது க்ளோஸ் ஆயிடுச்சு சார், புதுசா ஒண்ணு போட்டுத் தரேன்" என்றார்கள். 24-ம் தேதி மறுபடியும் அதே கதை, மூன்றாவது நம்பர். 29-ம் தேதி பணம் வந்தது. தாமதத்துக்கு இழப்பீடு எங்கே என்று கேட்டேன். "உங்கள் புகார் 24-ம் தேதி பதிவானது, ஐந்து வேலை நாளுக்குள் தீர்த்துவிட்டோம், இழப்பீடு கிடையாது" என்று 31-ம் தேதி பதில் வந்தது.

இந்தப் பதிலில் எல்லாமே தப்பு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஏ.டி.எம்.மில் கழிந்து கைக்கு வராத பணத்தைப் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். அது காலண்டர் நாள், வேலை நாள் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், நாம் கேட்காமலே தர வேண்டும். நாம் எப்போது புகார் கொடுத்தோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மார்ச் 8-ல் கெடு முடிந்தது, 29-ல் பணம் வந்தது, 21 நாள் தாமதம், ஆக 2,100 ரூபாய்.

அப்புறம் அந்த மெயில். ரிசர்வ் வங்கி 2021-ல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில், முதலில் வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று இருந்தது. போனில் சொன்னதை மட்டும் நம்பியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, கைவிரித்தாலோ, மேலே ரிசர்வ் வங்கியிடம் போகலாம். எனக்குத்தான் கைவிரித்துப் பதில் வந்துவிட்டதே, 30 நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் தளமான cms.rbi.org.in-ல் 4-ம் தேதி மெயிலையும் மூன்று நம்பர்களையும் தேதியோடு இணைத்துப் போட்டேன். கொஞ்ச நாளில் வங்கியிலிருந்து வேறொருவர் மிகப் பணிவாகக் கூப்பிட்டார், 2,100 கணக்கில் ஏறியது.

அதனால் ஷீட் போடுகிறவர்கள் "முதல் புகார் தேதி" என்று ஒரு நெடுவரிசை வைத்து, எத்தனை புது நம்பர் கொடுத்தாலும் அதை மாற்றவே மாற்றாதீர்கள். புது நம்பரைப் பக்கத்திலேயே சேர்த்து எழுதுங்கள், பழையதை அழிக்க வேண்டாம். புகார் நம்பர் வேறு, பரிவர்த்தனையின் 12 இலக்க நம்பர் வேறு. பணம் எங்கே போனது என்று தேட வங்கிக்கு இரண்டாவதுதான் தேவை, அதனால் இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை வேண்டும். போனா மெயிலா என்பதையும் குறித்து வையுங்கள்.

கெடு தேதியை மனக்கணக்கு போடாமல் ஷீட்டிடமே விடலாம். முதல் தேதி D2-ல் இருந்தால்:

```
=D2+30
=EDATE(D2,1)
```

முதலாவது 30 நாள், வங்கிக்கு. இரண்டாவது ஒரு மாதம், ஆன்லைன் கடையின் குறைதீர் அதிகாரிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் (கடை அதிகாரி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், அது தனிக் கணக்கு). ஆனால் ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் 04/03 என்பதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும், கெடு ஒரு மாதம் தள்ளிப் போகும், நமக்குத் தெரியவே தெரியாது. 24/03 என்று போட்டுப் பாருங்கள். செல்லில் இடது பக்கம் ஒட்டி நின்றால் அது தேதியாகவே ஏறவில்லை என்று அர்த்தம். செட்டிங்ஸில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு, ஏற்கெனவே போட்ட தேதிகளை மறுபடியும் டைப் செய்தால் சரியாகிவிடும். நீளமான புகார் நம்பரையும் எண்ணாக விடாதீர்கள், 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். அந்த நெடுவரிசையை வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு டைப் செய்யுங்கள்.

இன்னொரு கெடு நம் தலையில் இருப்பது. காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போக நிறுவனம் மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடம், நுகர்வோர் ஆணையத்துக்குப் பிரச்சினை எழுந்த தேதியிலிருந்து இரண்டு வருடம். "பரிசீலனையில் உள்ளது" என்று எத்தனை மெயில் வந்தாலும் இது நீளாது. மிக்ஸிக் கடை என்னிடம் அந்த ஆட்டத்தைத்தான் ஆடிப் பார்த்தது, ஒரு மாதக் கெடு முடிந்த மறுநாள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்ததும் பணத்தைத் திருப்பிவிட்டது.