நியூயார்க் கடிகாரத்தோடு மூன்று ஆண்டுகள்

நியூயார்க்கில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. என் நாளை நான் அமைத்துக்கொண்ட விதத்தில் எது நிலைத்தது, எது உதவவில்லை என்பதை எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் அவர்களுக்கும் இந்திய நேரத்துக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அவர்கள் காலை 9 மணிக்கு அலுவலகத்துக்கு வரும்போது எனக்கு இரவு 7.30. நான் மதியம் 2.30 முதல் இரவு 10.30 வரை வேலை செய்கிறேன். ஆக, இருவரும் ஒரே சமயத்தில் விழித்து வேலை பார்ப்பது கடைசி மூன்று மணி நேரம் மட்டுமே. முதல் ஆறு மாதம் அந்த மூன்று மணி நேரத்தையும் கணக்குப் பதிவிலேயே கழித்தேன். அது பெரிய தவறு. யாருடைய பதிலும் தேவைப்படாத வேலையை மதியமே முடித்துவிட வேண்டும். 7.30க்குப் பிறகு கேட்பதும் பதில் சொல்வதும் மட்டும்தான் வேலை. 10.30க்குள் கிடைக்காத பதில் மறுநாள் மதியம் நான் உட்காரும்போது இருக்கும் என்று நம்ப முடியாது. அப்போது அவர்களுக்கு அதிகாலை 4 மணி. முந்தைய மாலைக்குள் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் ஒரு முழு நாள் போய்விடும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது கேள்வி கேட்கும் விதத்தை மாற்றியதுதான். ஒரு மார்ச் மாதத் தொடக்கத்தில் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும்போது, எந்த பில்லோடும் பொருந்தாத 1,840 டாலர் வரவு ஒன்று இருந்தது. பழைய வழக்கப்படி என்றால், "ஒரு வரவு புரியவில்லை, எதற்கு என்று சொல்ல முடியுமா?" என்று எழுதியிருப்பேன். "எந்த வரவு?" என்று பதில் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இரண்டு வரி உரையாடலுக்கு இரண்டு நாள் ஆகியிருக்கும். அன்று இப்படி எழுதினேன்:

"மார்ச் 4 அன்று 1,840 டாலர் வரவு, வங்கிப் பக்கத்தின் படம் இணைப்பில். பிப்ரவரி பில்லில் நிலுவையாக உள்ள தொகையும் இதுவும் ஒன்றாக இருப்பதால் அதில் சேர்க்கிறேன். அப்படி இல்லையென்றால் உங்கள் செவ்வாய் மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள். புதன் அதிகாலை உங்கள் நேரம் 4 மணிக்கு இதைப் பதிவு செய்வேன்."

அவர்கள் என் இரவு நேரத்தில், அதாவது அவர்களுடைய முற்பகலில், "அது முன்பணம், பில்லோடு சேர்க்க வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள். பதில் வராமல் போயிருந்தாலும் வேலை நின்றிருக்காது. பின்னால் திருத்திவிடக்கூடிய பதிவுக்குத்தான் இந்த முறை பொருந்தும். பணம் வெளியே போகும் விஷயத்தில் நான் எதையும் அனுமானித்துச் செய்வதில்லை. அதற்கு வெளிப்படையான சம்மதம் வரும்வரை காத்திருப்பேன், ஒரு நாள் போனாலும் சரி.

அடுத்தது, ஆண்டுக்கு இருமுறை வரும் தொல்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். நம் கடிகாரம் அசைவதில்லை. முதல் ஆண்டு, திங்கள்தோறும் நடக்கும் கூட்டத்தை இந்திய நேரம் 7.30 என்று நாட்காட்டியில் நானே பதிந்திருந்தேன். மார்ச்சில் அது அவர்களுக்குக் காலை 10 மணியாக மாறிவிட்டது. பழக்கப்படி அங்கே என்னோடு கூட்டத்தில் பேசுபவர் 9 மணிக்கு வந்து காத்திருந்து வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார். நான் வெற்றுத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மனம் மிகவும் நொந்துபோன நாள் அது. இப்போது கூட்டங்களின் நேர மண்டலத்தை `America/New_York` என்றே வைக்கிறேன். `EST` என்று வைத்தால் கோடையிலும் குளிர்கால நேரமே நிற்கும், அதே குழப்பம் திரும்பும். கூட்டத்தோடு என் வேலை நாளும் நகர்கிறது. கோடையில் 1.30க்குத் தொடங்கி 9.30க்கு முடிக்கிறேன். மாறும் தேதியை வீட்டில் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வீட்டு வேலைகள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் மோதும்.

முடிக்கும் நேரத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. மாதக் கணக்கை மூடும் இரண்டு நாள் மட்டும் நள்ளிரவு தாண்டும், அதை முன்கூட்டியே குறித்துவைத்து மறுநாள் தாமதமாகத் தொடங்குகிறேன். மற்ற நாள்களில் 10.30க்கு அலைபேசியில் வேலைச் செய்திகளின் ஒலி நின்றுவிடும்.

இந்த ஏற்பாடு எல்லா ஊருக்கும் பொருந்தாது. இடையில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வாடிக்கையாளரையும் எடுத்துக்கொண்டேன். அங்கே குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். அவர்களுக்குக் காலை 9 என்றால் எனக்கு இரவு 10.30, நான் கணினியை மூடும் அதே நிமிடம். அவர்களுடைய மாலை 5 மணியைப் பிடிக்க காலை 6.30க்கு எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். ஒரே நாளில் இரண்டு முறை வேலை தொடங்குவதாக ஆகிவிட்டது, உறக்கம் ஆறு மணி நேரத்துக்கும் கீழே போனது. நான்காவது மாதம் அந்தக் கணக்கை, காலையில் மட்டும் வேலை செய்யும் ஒரு தோழியிடம் ஒப்படைத்துவிட்டேன்.