போலோவுக்கு இன்னும் எத்தனை ரூபாய் வேண்டும்? ரெட்யூஸ்ட் காஸ்ட் படித்துப் பழகிய அனுபவம்

திருப்பூரில் பனியன் தயாரிப்புப் பிரிவு ஒன்றில் வாராந்திர உற்பத்தித் திட்டம் போடுவது என் வேலை. அதற்குச் சில வருடங்களாக எக்செல் சால்வரைத்தான் பயன்படுத்துகிறேன். எந்த ரகத்தை எத்தனை பீஸ் ஓட்டினால் அதிக லாபம் என்று அது சொல்லிவிடும். ஆனால் எனக்கு அதைவிட அதிகம் உதவியது, விடையோடு வரும் சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட்டில் உள்ள `Reduced Cost` என்ற ஒரு பத்தி. "இந்த ரகம் ஏன் திட்டத்தில் வரவில்லை, வர வேண்டுமென்றால் என்ன ஆக வேண்டும்" என்று முதலாளியோ மெர்ச்சண்டைசரோ கேட்கும்போது, பதில் அங்கேதான் இருக்கிறது.

கணக்கைக் கையால் சரிபார்க்கும்படி எண்களை எளிதாக்கித் தருகிறேன். மூன்று ரகங்கள்: ரவுண்ட் நெக் டி-ஷர்ட், போலோ, ஹூடி. வாரத்துக்குத் தையலில் 48,000 நிமிடம் கையில் இருக்கிறது. செக்கிங், அயர்ன், பேக்கிங் மூன்றையும் சேர்த்து 24,000 நிமிடம். ஒரு டி-ஷர்ட்டுக்குத் தையல் 6 நிமிடம், செக்கிங் பக்கம் 4 நிமிடம், லாபம் 18 ரூபாய். போலோவுக்குக் காலரும் பிளாக்கெட்டும் இருப்பதால் தையலே 14 நிமிடம் இழுக்கும், செக்கிங் 6 நிமிடம், லாபம் 32 ரூபாய். ஹூடிக்கு 20, 8, லாபம் 52 ரூபாய். இங்கே லாபம் என்று நான் சொல்வது விலையில் துணி, நூல், பேக்கிங் சாமான் போன்று பீஸுக்குப் பீஸ் ஆகும் செலவைக் கழித்த மிச்சம். கட்டட வாடகையையும் மாதச் சம்பளத்தையும் இதில் பங்குபோட்டுக் கழிக்கக் கூடாது. கழித்தால் கீழே வரும் எண் எதையும் நம்ப முடியாது.

சால்வரில் `Simplex LP` தேர்ந்தெடுத்து ஓட்டியதும் வரும் முடிவுப் பெட்டியில் `Sensitivity` என்பதைத் தொட்டுவிட்டு ஓகே கொடுத்தால், ரிப்போர்ட் தனி ஷீட்டாக வந்து நிற்கும். அதில் நமக்கு வேண்டிய பகுதி இவ்வளவுதான்:

```
            Final    Reduced   Objective     Allowable
Name        Value    Cost      Coefficient   Increase
டி-ஷர்ட்     3000      0          18            8
போலோ           0     -5          32            5
ஹூடி         1500      0          52            8
```

மொத்த லாபம் 1,32,000 ரூபாய். போலோ ஒரு பீஸ்கூட இல்லை. அதன் நேரே −5. போலோவின் லாபம் பீஸுக்கு 5 ரூபாய் கூடி 37-ஐத் தாண்டினால்தான் அது திட்டத்துக்குள் வரும் என்பது இதன் பொருள்.

அந்த 5 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அதே ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் `Shadow Price` இருக்கும். இன்னும் ஒரு நிமிடம் கையில் கிடைத்தால் மொத்த லாபம் எவ்வளவு கூடும் என்பதே அது. நம் கணக்கில் ஒரு தையல் நிமிடத்தின் மதிப்பு 2 ரூபாய், ஒரு செக்கிங் நிமிடத்தின் மதிப்பு 1.50 ரூபாய். ஒரு போலோ 14 தையல் நிமிடத்தைச் சாப்பிடுகிறது, அதன் மதிப்பு 28 ரூபாய். 6 செக்கிங் நிமிடம், 9 ரூபாய். ஆக 37 ரூபாய் மதிப்புள்ள நேரத்தை வாங்கிக்கொண்டு 32 ரூபாய்தான் திருப்பித் தருகிறது. குறைவது 5. டி-ஷர்ட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 12 + 6 = 18, ஹூடிக்கு 40 + 12 = 52, இரண்டும் லாபத்தோடு சரியாகப் பொருந்தும். அதனால்தான் அவற்றின் நேரே பூஜ்யம்.

வாடிக்கையாக வாங்கும் பையர் ஒருவர் "200 போலோ போட்டே ஆக வேண்டும்" என்று கேட்கிறார் என்று வையுங்கள். 200 போலோ 2,800 தையல் நிமிடத்தையும் 1,200 செக்கிங் நிமிடத்தையும் எடுத்துக்கொள்ளும். மிச்ச நேரத்துக்குச் சால்வர் தரும் விடை 2,950 டி-ஷர்ட், 1,375 ஹூடி. அதாவது 50 டி-ஷர்ட்டும் 125 ஹூடியும் போயின. போன லாபம் 900 + 6,500 = 7,400 ரூபாய், வந்தது 6,400. நிகர இழப்பு 1,000, பீஸுக்குச் சரியாக 5 ரூபாய். ஆர்டரை மறுக்கச் சொல்லி நான் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை. அந்தப் பையரைத் தக்கவைக்க நாம் கொடுக்கும் விலை 1,000 ரூபாய் என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கத்தான்.

இந்தக் கணக்கு எதுவரை செல்லும் என்பதும் முக்கியம். ஒவ்வொரு போலோவும் கால் டி-ஷர்ட்டையும் 0.625 ஹூடியையும் தள்ளிவிடுகிறது. 1,500 ஹூடியும் தீர்ந்துபோகும் இடம் 2,400 போலோ. அதுவரை பீஸுக்கு 5 ரூபாய் என்பது சரி. அதற்கு மேல் போனால் இழப்பு இன்னும் வேகமாக ஏறும், ரிப்போர்ட் அதைச் சொல்லாது.

லாபம் உண்மையிலேயே 37-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? கொஞ்சம் கொஞ்சமாகப் போலோ உள்ளே வரும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை. 38 என்று வைத்து மறுபடி ஓட்டினால் 2,400 போலோ, 2,400 டி-ஷர்ட், ஹூடி பூஜ்யம், மொத்தம் 1,34,400 ரூபாய் என்று வரும். ஒரே தாவலில் ஹூடி முழுக்க வெளியே போய்விட்டது, இப்போது அதன் நேரே −1.60 நிற்கும். ரெட்யூஸ்ட் காஸ்ட் வாசல் எங்கே என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே வந்த பிறகு எத்தனை பீஸ், யார் இடத்தில் என்பதற்கு மறுபடி ஓட்டித்தான் ஆக வேண்டும். சரியாக 37 என்றால் இரண்டு திட்டமும் ஒரே லாபம் தரும். அப்போது சால்வர் பழைய திட்டத்தையே தந்தால், போலோவின் `Final Value`, `Reduced Cost` இரண்டுமே பூஜ்யமாக இருக்கும். அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் வேறொரு சமமான திட்டமும் உண்டு என்று எடுத்துக்கொண்டு, லைனுக்கு எது வசதியோ அதை ஓட்டலாம்.

எக்செலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உச்சவரம்பு விஷயம். ஹூடி 1,200-க்கு மேல் விற்காது என்று சால்வரில் ஹூடி செல்லுக்கே `<= 1200` கொடுத்தால், அதைத் தனி நிபந்தனையாக ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் காட்டாது. அதன் மதிப்பைக் கொண்டுபோய் ஹூடியின் ரெட்யூஸ்ட் காஸ்ட்டில் வைத்துவிடும். இந்தக் கணக்கில் விடை 2,880 டி-ஷர்ட், 480 போலோ, 1,200 ஹூடி, லாபம் 1,29,600. ஹூடியின் நேரே +8. திட்டத்தில் இருக்கும் ரகத்துக்குப் பூஜ்யம் அல்லவா வர வேண்டும் என்று குழம்ப வேண்டாம். இன்னும் ஒரு ஹூடிக்குச் சந்தை கிடைத்தால் 8 ரூபாய் கூடும் என்பதே அந்த +8. அதுபோலவே 200 போலோ கட்டாயம் என்று `>= 200` கொடுத்தால், போலோ 200 என்று வந்தும் அதன் நேரே −5 அப்படியே நிற்கும்.

இந்த வரம்புகளை நிபந்தனைப் பட்டியலில் தனி வரியாகப் பார்க்க விரும்பினால், வேறொரு செல்லில் `=1*D4` என்று எழுதி அந்தச் செல்லுக்கு வரம்பு கொடுக்கலாம். D4 ஹூடியின் செல். அப்போது 8 என்பது ஷேடோ பிரைஸாக வரும், ஹூடியின் ரெட்யூஸ்ட் காஸ்ட் பூஜ்யமாகிவிடும். நான் இப்படித்தான் போடுகிறேன், படிக்க நிம்மதியாக இருக்கிறது.

அந்த 480 போலோவையும் கவனியுங்கள். போலோவின் லாபம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஹூடிக்கு வரம்பு வந்ததும் தையல் நிமிடத்தின் மதிப்பு 2-லிருந்து 1 ரூபாயாக இறங்கியது, செக்கிங் நிமிடம் 3 ரூபாயாக ஏறியது, தையல் அதிகம் தின்னும் போலோவுக்கு வழி திறந்தது. அதனால் போன வாரத்து −5-ஐ இந்த வாரம் எடுத்துப் பேசக் கூடாது. ஆள் எண்ணிக்கை மாறினாலும் சந்தை வரம்பு மாறினாலும் ரிப்போர்ட்டைப் புதிதாக எடுக்க வேண்டும்.

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. பீஸ் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று `int` போட்டுவிட்டால் இந்த ரிப்போர்ட்டே கிடைக்காது. ஆயிரக்கணக்கில் ஓடும் பனியனுக்கு அரை பீஸ் ஒரு பொருட்டில்லை, எடுத்துவிடலாம். `GRG Nonlinear` தேர்வாகி இருந்தால் பத்தியின் பெயர் `Reduced Gradient` என்று வரும். பெயர் மாறியிருந்தால் உடனே மெத்தடைப் பாருங்கள். அப்புறம், ரிப்போர்ட் நம் செல்லின் ஃபார்மேட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும். பீஸ் செல்லுக்குத் தசமம் வேண்டாம் என்று வைத்திருந்தால் −1.60 என்பது −2 ஆகத் தெரியும். ரிப்போர்ட் ஷீட்டில் தசமத்தைக் கூட்டிவிட்டுப் படிப்பது நல்லது. குறியும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எக்செல் −5 என்று காட்டும் இதே கணக்குக்கு லிண்டோ 5 என்று காட்டும்.

மெர்ச்சண்டைசரிடம் இந்த 5 ரூபாயைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது லாபத்தில் கூட வேண்டிய தொகை, விலையில் அல்ல. ஏஜென்டுக்கு விலையில் 5 சதவீதம் கமிஷன் என்றால் 5 ரூபாய் கையில் நிற்க, விலையை 5.26 ரூபாய் ஏற்ற வேண்டும். விலையை ஏற்றப் பையர் ஒப்புக்கொள்ளாத வாரங்களே அதிகம். அப்போது நான் பார்ப்பது நேரத்தை. தையல் நிமிடம் 2 ரூபாய் என்றால் போலோவில் 2.5 நிமிடம் குறைத்தாலும் அதே 5 ரூபாய்தான். காலர் வேலையைத் தனி ஆளுக்கு ஒதுக்கியோ பிளாக்கெட்டுக்கு ஃபோல்டர் மாட்டியோ 14-ஐ 11.5-க்குக் கீழே கொண்டுவர முடியுமா என்று லைன் சூப்பர்வைசரிடம் கேட்கலாம். பையரிடம் ஒரு ரூபாயும், தையலில் 2 நிமிடமும் கிடைத்தால் இரண்டும் சேர்ந்தும் அந்த 5 நிறைந்துவிடும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் போலோவை உள்ளே கொண்டுவரும்.