ஒரே கோப்பு, நான்கு பூட்டுகள்: சாவி உண்மையில் யாரிடம் இருக்கிறது?

"சேமிப்பில் உள்ள தரவு குறியாக்கப்பட்டிருக்கிறதா?" என்று தணிக்கைப் படிவம் கேட்டால், இன்று ஏறக்குறைய எல்லோராலும் "ஆம்" என்று எழுதிவிட முடியும். அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் 2023 ஜனவரி 5 முதல் புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு கோப்பும், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஏ.இ.எஸ் 256 முறையில் குறியாக்கப்பட்டே எழுதப்படுகிறது. எனவே அந்த "ஆம்" ஒரு நிறுவனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை; பிரித்துக் காட்டுவது சாவிக்கான ஏற்பாடு. ஒரு பரிசோதனைக் கூடம் தன் வாடிக்கையாளர் ஒருவரின் 40 மெகாபைட் அறிக்கையை, கோப்புகளைத் தொகுத்து வைக்கும் எஸ்3 பக்கெட் ஒன்றில் வைக்கிறது என்று கொள்வோம். அந்த ஒரே கோப்பை நான்கு விதமாகப் பூட்டி, ஒவ்வொன்றும் யாரைத் தடுக்கிறது, யாரைத் தடுப்பதில்லை என்பதை இங்கே ஒப்பிடலாம்.

வழியில் செல்லும் தரவைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அறிக்கை உலாவியிலிருந்து, இணைப்பையே குறியாக்கும் டி.எல்.எஸ் வழியாகப் போகிறது. அந்தப் பாதுகாப்பு எந்தக் கணினியில் முடிகிறதோ, அந்தக் கணினியில் கோப்பு வெளிப்படையாக இருக்கிறது. சான்றிதழின் தனிச்சாவி லோட் பேலன்சரிலோ இடைநிலை விநியோக நிறுவனத்தின் சர்வரிலோ இருந்தால், நம் பயன்பாட்டுக்கு வந்து சேரும் முன்பே அது ஒருமுறை திறக்கப்பட்டுவிட்டது என்று பொருள். 2018-இல் வந்த டி.எல்.எஸ் 1.3 ஒவ்வோர் இணைப்புக்கும் தற்காலிகச் சாவிகளைக் கொண்டு ரகசியத்தை உருவாக்குவதால், சான்றிதழின் தனிச்சாவி பின்னாளில் திருடு போனாலும், முன்பே ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து வைத்த போக்குவரத்தை அதைக் கொண்டு திறக்க முடியாது. சேமிப்பில் நிலைமை நேர்மாறானது: பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய கோப்பையும் இன்று திறக்க வேண்டியிருப்பதால், அதற்கான சாவி எங்கேயாவது உயிரோடு இருந்தே ஆக வேண்டும்.

அந்த "எங்கேயாவது" என்பதைப் புரிந்துகொள்ள உறைக் குறியாக்கத்தை அறிய வேண்டும். சாவி மேலாண்மைச் சேவையான கே.எம்.எஸ்-இல் உள்ள முதன்மைச் சாவி, அதற்கென்றே கட்டிய வன்பொருள் பெட்டகத்தை விட்டு வெளிப்படையான வடிவில் வெளியே வருவதில்லை. அந்தச் சேவையிடம் ஒரு முறைக்கு 4096 பைட்டுகளுக்கு மேல் நேரடியாகக் குறியாக்கக் கொடுக்கவும் முடியாது. ஆகவே 40 மெகாபைட் கோப்பு அங்கே போவதில்லை. அதற்குப் பதிலாக `GenerateDataKey` என்ற அழைப்பின் மூலம் ஒரு தரவுச்சாவி இரண்டு பிரதிகளாகப் பெறப்படுகிறது: ஒன்று வெளிப்படையானது, மற்றொன்று முதன்மைச் சாவியால் மூடப்பட்டது. வெளிப்படையான பிரதியால் கோப்பைப் பூட்டியபின் அது நினைவகத்திலிருந்து அழிக்கப்படுகிறது. மூடிய பிரதி கோப்புடனேயே வைக்கப்படுகிறது. திறக்க வேண்டியபோது மூடிய பிரதி `Decrypt` அழைப்புக்கு அனுப்பப்பட்டு, வெளிப்படையான தரவுச்சாவியாகத் திரும்பி வருகிறது. எனவே "சாவி யாரிடம்?" என்பது உண்மையில் இரண்டு கேள்விகள். முதன்மைச் சாவிக்கு ஆணையிடுபவர் யார்? வெளிப்படையான தரவுச்சாவி யாருடைய நினைவகத்தில் தோன்றுகிறது? விற்பனை விளக்கங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

சேவை நிறுவனமே வைத்திருக்கும் சாவி

இயல்பாகக் கிடைப்பது இதுதான். வட்டு ஒன்று தரவு மையத்திலிருந்து களவு போனால் அதில் இருப்பது குப்பை. அந்த அளவில் இது வேலை செய்கிறது. ஆனால் யாரோ கவனக்குறைவாகப் பக்கெட்டை எல்லோருக்கும் திறந்துவிட்டால், எஸ்3 எந்தக் கேள்வியும் கேட்காமல் கோப்பைத் திறந்து கொடுத்துவிடும். இந்த ஏற்பாட்டில் படிக்கும் உரிமையும் திறக்கும் உரிமையும் ஒன்றேயாகும். சாவி பயன்படுத்தப்பட்டதற்குத் தனிப் பதிவும் நமக்குக் கிடைக்காது.

நம் கட்டுப்பாட்டில் உள்ள கே.எம்.எஸ் சாவி

இங்கேயும் முதன்மைச் சாவி சேவை நிறுவனத்தின் பெட்டகத்தில்தான் இருக்கிறது. அதை யார் பயன்படுத்தலாம் என்ற கொள்கையை எழுதுவது மட்டும் நாம். இது அற்பமான வேறுபாடு அல்ல. பக்கெட் தவறுதலாகப் பொதுவாகிவிட்டாலும், அடையாளம் இல்லாமல் வரும் கோரிக்கைக்கு `kms:Decrypt` உரிமை இல்லாததால் கோப்பு திறக்காது. கோப்புகளைப் பட்டியலிடும் அல்லது இடம் மாற்றும் நிர்வாகிக்கு, அவற்றைப் படிக்கும் உரிமை இல்லாதபடி செய்துவிடலாம். ஒவ்வொரு திறப்பும் அமேசானின் செயல்பாட்டுப் பதிவேடான கிளவுட்டிரெயிலில் ஏறுகிறது. ஆனால் செலவைக் குறைக்க பக்கெட் அளவிலான இடைச்சாவியை இயக்கிவிட்டால், அழைப்புகள் குறைவதோடு, பதிவில் தனிக் கோப்பின் பெயருக்குப் பதில் பக்கெட்டின் பெயர்தான் இருக்கும் என்பதைப் பலர் பிறகுதான் கவனிக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எதைத் தடுப்பதில்லை என்பதற்கு 2019-இல் கேபிடல் ஒன் வங்கியில் நடந்த ஊடுருவலை நினைவுகூரலாம். தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் வழியாக ஒரு பயன்பாட்டின் உரிமைச் சான்றுகள் பறிபோயின. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் வெளியேறின. தரவு குறியாக்கப்பட்டிருந்தும், அந்த அத்துமீறிய அணுகலே அதைத் திறக்கவும் வழிவிட்டது என்று வங்கியே ஒப்புக்கொண்டது. காரணம் எளிது. அறிக்கையை வாடிக்கையாளருக்குக் காட்டும் பயன்பாடு அதைத் திறந்தாக வேண்டும். ஆகவே அதன் சான்றுகளைத் திருடியவருக்குத் திறக்கும் உரிமையும் சேர்ந்தே போகிறது. நம்மிடம் எஞ்சுவது பதிவேடும், சாவியை உடனே முடக்கும் பொத்தானும்தான். அந்த இரண்டுக்காகவே இதை நான் பரிந்துரைப்பேன். ஆனால் "சாவி எங்களிடம் இருக்கிறது" என்று இதைக் கொண்டு யாரும் எழுதக்கூடாது.

நாம் உருவாக்கிக் கொண்டுபோகும் சாவியும் வெளியே வைக்கும் சாவியும்

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். முதலாவதில் சாவியை நம் இடத்தில் உருவாக்கி, கே.எம்.எஸ் தரும் பொதுச்சாவியால் மூடி, அதன் பெட்டகத்துக்குள் இறக்குமதி செய்கிறோம். இறக்குமதி ஆன கணம் முதல் அது மற்றக் கே.எம்.எஸ் சாவிகளைப் போலவே சேவை நிறுவனத்தின் வன்பொருளில் இயங்குகிறது. நமக்குக் கூடுதலாகக் கிடைப்பவை இரண்டு: அசல் பிரதி நம்மிடம் இருப்பதும், அங்குள்ள பிரதியை உடனே நீக்க முடிவதும். சாதாரணக் கே.எம்.எஸ் சாவியை அழிக்க 7 முதல் 30 நாள் வரை காத்திருக்க வேண்டும். இதற்கு அந்தக் காத்திருப்பு இல்லை. பதிலுக்கு, அசலைத் தொலைத்துவிட்டு அங்குள்ள பிரதியையும் நீக்கினால், பரிசோதனைக் கூடத்தின் அறிக்கைகள் யாருக்கும் திறக்காது.

இரண்டாவதில், அமேசான் 2022 நவம்பரில் அறிமுகம் செய்த வெளிச் சாவிக்கிடங்கு முறையில், முதன்மைச் சாவி நம் சொந்தப் பெட்டகத்தை விட்டு நகர்வதே இல்லை. தரவுச்சாவி முதலில் கே.எம்.எஸ்-க்குள் ஒருமுறையும், பிறகு நம் பெட்டகத்தில் இன்னொரு முறையும் மூடப்படுகிறது. திறக்க, கே.எம்.எஸ்-க்கும் நம் பெட்டகத்துக்கும் நடுவே நிற்கும் நம் இடைமுகச் சர்வர் 250 மில்லி வினாடிகளுக்குள் பதில் தர வேண்டும். அது விழுந்தால் பக்கெட் முழுவதும் மூடியதாகவே இருக்கும். சேவை நிறுவனத்திடம் நீதிமன்ற ஆணை வந்தாலும், நம் பெட்டகம் பதில் சொல்லாமல் கோப்பைத் திறக்க அதனால் இயலாது. இது உண்மையான அதிகாரம். ஆயினும் நாம் அனுமதித்த ஒவ்வொரு முறையும், வெளிப்படையான தரவுச்சாவியும் திறந்த கோப்பும் எஸ்3 சர்வர்களின் நினைவகத்தில்தான் தோன்றுகின்றன. முதல் கேள்விக்கு முழு விடை கிடைக்கிறது. இரண்டாவது கேள்விக்கான விடை மாறவே இல்லை.

ஏற்றும் முன்பே பூட்டுதல்

இரண்டாவது கேள்விக்கும் விடை தருவது இது ஒன்றே: கோப்பை நம் கணினியிலேயே பூட்டி, பூட்டிய வடிவை மட்டும் ஏற்றுவது. ஆனால் இங்கே ஒரு நழுவல் அடிக்கடி நிகழ்கிறது. பூட்டும் நிரல் அதே நிறுவனத்தின் வாடகைக் கணினியில் ஓடி, தரவுச்சாவியை அதே நிறுவனத்தின் கே.எம்.எஸ் மூடினால், சுற்றி வந்து பழைய இடத்துக்கே சேர்ந்திருக்கிறோம். சாவியும் நிரலும் வெளியே இருந்தால்தான் இந்த முறைக்குப் பொருள் உண்டு. அப்போது அறிக்கைகளுக்குள் தேடுவது, முன்னோட்டம் காட்டுவது, வைரஸ் சோதிப்பது ஆகிய எதையும் கிளவுட் நமக்காகச் செய்யாது.

சேவை நிறுவனத்திடம் சாவி தங்காத நிலை எப்படி இருக்கும் என்பதைக் குற்றவாளிகளும் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கோரிக்கையுடனும் வாடிக்கையாளரே சாவியை அனுப்பும் வசதி ஒன்று எஸ்3-இல் உண்டு. பயன்படுத்தியபின் சாவி சேமிக்கப்படுவதில்லை, அதைச் சரிபார்க்க உதவும் ஒரு கணக்கீட்டு முத்திரை மட்டும் வைக்கப்படும். 2025 ஜனவரியில் ஹால்சியான் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட தகவலின்படி, கோட்ஃபிங்கர் என்ற பெயரிடப்பட்ட கும்பல், திருடிய சான்றுகளால் பிறருடைய பக்கெட்டுகளில் நுழைந்து, தன் சாவியால் கோப்புகளை மறுபடி பூட்டிப் பணம் கேட்டது. முத்திரையிலிருந்து சாவியை மீட்க வழியில்லாததால், அமேசானாலும் அவற்றைத் திறக்க இயலாது.

எது நடப்பில் இருக்கிறது என்று அறிவது

நம் கோப்பு எந்த ஏற்பாட்டில் இருக்கிறது என்பதை ஆவணங்களைப் பார்த்து நம்பாமல், இரண்டு கட்டளைகளால் அறியலாம்:

```
aws s3api head-object --bucket lab-reports --key r-1042.pdf
aws kms describe-key --key-id <SSEKMSKeyId>
```

முதலாவதன் விடையில் `AES256` என்றிருந்தால் நிறுவனத்தின் சாவி; `aws:kms` என்றிருந்தால் அங்கே காட்டும் சாவி அடையாளத்தை இரண்டாவதற்குக் கொடுக்க வேண்டும். அதில் `KeyManager` என்பதற்கு நேரே `AWS` என்று வந்தால் கொள்கையை நம்மால் மாற்ற முடியாது. `CUSTOMER` என்றால் முடியும். `Origin` என்பது `AWS_KMS`, `EXTERNAL`, `EXTERNAL_KEY_STORE` ஆகியவற்றில் எதைக் காட்டுகிறதோ, அதைப் பொறுத்துச் சாவி அங்கேயே பிறந்ததா, இறக்குமதியா, வெளியே இருப்பதா என்று தெரியும். ஏற்றும் முன்பே பூட்டிய கோப்புக்கும் எஸ்3 தன் உறையை மேலே போட்டு `AES256` என்றே காட்டக்கூடும் என்பதால், அந்த வகையைக் கோப்பைப் பதிவிறக்கித் திறந்து பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

சாவி நம் கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தெரிந்தபின், சோதனைச் சூழலில் அதை ஒருமுறை முடக்கிப் பார்ப்பது நல்லது. சில நிமிடங்களுக்குள் அறிக்கையைக் கேட்கும் கோரிக்கைகள் `KMS.DisabledException` என்று திரும்ப வேண்டும். அதே சாவியால் பூட்டி, ஏற்கெனவே ஒரு கணினியுடன் இணைத்திருக்கும் வட்டு மட்டும், தரவுச்சாவி அங்கே நினைவகத்தில் இருப்பதால், எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி மீண்டும் இணைக்க முயலும்போதுதான் மறுக்கப்படும்.