இரண்டு ஒளி, ஒரு முகம்: டார்க்டேபிளில் நிறச்சாய்வைத் திருத்திய அனுபவம்

ஜன்னல் வெளிச்சமும் மின்விளக்கும் ஒரே முகத்தில் விழும் உள்ளரங்கப் படங்களைத் திருத்த, டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருளைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 2020 டிசம்பரில் வெளியான 3.4 பதிப்பில் சேர்க்கப்பட்ட `color calibration` பகுதியே இவ்வேலைக்கு நான் நம்பியிருப்பது.

பகல் ஒளியின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 5500 முதல் 6500 கெல்வின் வரை இருக்கும். மஞ்சள் பல்பு 2700 கெல்வினை ஒட்டியிருக்கும். ஒளியின் நிறத்தை ஈடுகட்டும் வழக்கமான ஒயிட் பேலன்ஸ், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவை வைத்து, படத்தின் எல்லா இடங்களையும் அதே அளவுகளால்தான் பெருக்குகிறது. எனவே ஜன்னல் பக்கக் கன்னம் சரியானால் விளக்குப் பக்கம் ஆரஞ்சாகவும், விளக்குப் பக்கம் சரியானால் ஜன்னல் பக்கம் நீலமாகவும் மாறிவிடுகின்றன. நடுவில் ஓர் அளவை வைத்தால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி கெடும்.

மேசையருகே அமர்ந்திருக்கும் ஒருவரின் இடப்பக்கம் ஜன்னலும் வலப்பக்கம் மேசை விளக்கும் இருப்பதாகக் கொள்வோம். படம் எடுக்கும்போதே சாம்பல் அட்டையை ஒருமுறை ஜன்னலை நோக்கியும் மறுமுறை விளக்கை நோக்கியும் முகத்தருகே பிடித்து இரண்டு படங்களைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன். அட்டைக்குப் பதில் வெள்ளைச் சட்டையையோ தாளையோ நம்புவதில்லை. அவற்றில் சேர்க்கப்படும் வெண்மையூட்டி, பகல் ஒளியிலுள்ள புறஊதாக் கதிரால் நீலமாக ஒளிர்வதால், அங்கே அளவெடுத்தால் தோல் தேவையில்லாமல் மஞ்சளாகிவிடும்.

மென்பொருளில் `white balance` பகுதியை `camera reference` என்ற அமைப்பில் விட்டுவிட்டு, `color calibration` பகுதிக்கு இரண்டு பிரதிகளை உருவாக்குகிறேன். அட்டைப் படங்களில் வண்ணமெடுப்பானால் அளந்த மதிப்புகளில், ஜன்னலுக்குரியது முதல் பிரதிக்கும் விளக்குக்குரியது இரண்டாவதற்கும் போகும். முதல் பிரதியில் ஜன்னல் பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் சரிவு மாஸ்க் ஒன்றை வரைந்து, இரண்டாவது பிரதியில் `raster mask` வழியாக அதையே தலைகீழாக்கி எடுத்துக்கொள்கிறேன். முதல் பிரதியை மாஸ்க் இல்லாமல் விட்டால் விளக்குப் பக்கத்தின்மீது இரண்டு திருத்தங்களும் ஏறி நிறம் முற்றிலும் குழம்பிவிடும். சரிவின் எல்லைக் கோட்டை மூக்கின் வழியே செலுத்தி, மாறும் பரப்பை நன்கு அகலமாக வைப்பது நல்லது. குறுகலாக வைத்தால் நெற்றியில் நிறங்கள் கோடு கிழித்ததுபோல் பிரிந்து தெரியும்.

விளக்குப் பக்கத்தை முழுமையாக நடுநிலையாக்கினால், கணக்குப்படி சரியாக இருந்தும் படம் பொய்யாகத் தோன்றும் என்பதைப் பல படங்களில் கண்டிருக்கிறேன். சட்டத்துக்குள் மஞ்சள் விளக்கு தெரியும்போது, அதன் வெளிச்சம் பட்ட கன்னம் சற்றே மஞ்சள் சாய்ந்து இருக்க வேண்டுமென்று கண் எதிர்பார்க்கிறது. ஆகவே இரண்டாவது பிரதியில் ஒளிமூலத்தை `custom` என வைத்து, அதன் நிறச்செறிவைக் குறிக்கும் `chroma` அளவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறேன். அதனால் திருத்தம் மென்மையாகிறது. இந்த ஒரு நகர்த்தி இருப்பதனாலேயே வேறு மென்பொருளுக்கு மாற எனக்கு மனம் வரவில்லை.

குறைகளும் உண்டு. மஞ்சள் பல்பின் ஒளியில் நீலம் மிகக் குறைவாதலால், அதைப் பெருக்கும்போது விளக்குப் பக்க நிழல்களில் நீலப் புள்ளிகளாக இரைச்சல் எழும். சிவப்பு அலைவரிசை நிரம்பி வழிந்த இடத்தில் தோல் மஞ்சள் திட்டாகவே நிற்கும். எந்த நகர்த்தியும் அதை மீட்காது. எனவே படம் எடுக்கும்போது பொதுவான ஹிஸ்டோகிராமைவிடச் சிவப்புக்குரியதைத் தனியாகப் பார்ப்பது பயனுள்ளது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இல்லாமல் ஜேபெக் மட்டும் இருந்தால், கேமராவே ஒரு ஒயிட் பேலன்ஸைப் பதித்து எட்டு பிட்டில் சுருக்கிவிட்டிருக்கும். லேசான சாய்வைக் குறைப்பதற்குமேல் அதில் எதிர்பார்க்க இயலாது.

மலிவான எல்இடி விளக்குகளே அதிகத் தொல்லை தருபவை. அளந்த ஒளிமூலத்தின் நிறவெப்பநிலைக்கு அருகில் `invalid` என்று காட்டினால், அந்த ஒளியின் நிறம் பகல் ஒளியையும் ஒத்திருக்கவில்லை, பல்பின் ஒளியையும் ஒத்திருக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் பச்சைச் சாய்வு உடன் இருக்கும். சாய்வை நீக்கிவிடலாம்; ஆனால் அந்த ஒளியிலேயே ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருந்தால், உதடும் கன்னமும் இழந்த செம்மை திரும்பாது, சாம்பல் அட்டை மட்டும் சரியாகத் தெரியும்.

ஒரு முகத்துக்கு இந்த உழைப்பு தகும். பலர் அசைந்து கொண்டிருக்கும் குழுப் படங்களில் ஒவ்வொன்றுக்கும் மாஸ்க்கை நகர்த்துவது சலிப்பூட்டும் வேலை. அங்கே நான் மேசை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் ஒளியில் மட்டும் எடுக்கிறேன்.