ஸ்லாப் பிடித்திருக்கும் பேஸ்மென்ட் சுவரின் அருகே ரோலர் ஓட்ட விடாதீர்கள்: கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு நேர்ந்தது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை அடுத்த எங்கள் இடத்தில், கீழே கிடங்கும் மேலே கடையுமாக ஒரு கட்டடம் எழுப்பினோம். கிடங்கு முழுவதும் தரைக்குக் கீழே 3 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் சுவர் 200 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவர்; அடியில் கட்டடம் முழுவதையும் தாங்கும் ராஃப்ட் என்ற கான்கிரீட் அடித்தளமும் உச்சியில் கடைத் தளத்தின் ஸ்லாபும் அதைப் பிடித்திருக்கின்றன. மண் நிரப்பிய இரண்டாம் வாரத்திலேயே மேற்குச் சுவரின் உட்புறத்தில், ஸ்லாபிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் கீழே, ஏறக்குறைய சுவரின் முழு நீளத்துக்கும் படுக்கைவாட்டில் ஒரு விரிசல் ஓடியது. மேலிருந்து கீழாகக் கயிறு பிடித்துப் பார்த்தபோது சுவரின் நடுப்பகுதி 9 மில்லிமீட்டர் உள்ளே வளைந்திருந்தது.

ஸ்லாப் போட்டு மூன்று வாரம் கழிந்திருந்தது. இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் சுற்றுப்புறத்தை முடித்துவிட வேண்டும் என்று கான்ட்ராக்டர், சாலை வேலையில் ஓடிக்கொண்டிருந்த 10 டன் அதிர்வு ரோலரை இரண்டு நாள் வாடகைக்குக் கொண்டுவந்தார். கிராவல் மண்ணை அரை மீட்டர் கனத்துக்குக் கொட்டி, சுவரை ஒரு சாண் இடைவெளியில் உரசுவதுபோல ரோலரை ஓட்டினார்கள். மேஸ்திரி மட்டும் என்னைத் தனியே அழைத்து, "வண்டி இந்தப் பக்கம் வரும்போது கிடங்குக்குள்ள சுவர் நடுங்குதுங்க சார், கை வெச்சுப் பாருங்க" என்றார். நான் உள்ளே போய்க் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. கான்ட்ராக்டரிடம் கேட்டதற்கு, "மேலே ஸ்லாப் பிடித்திருக்கிறதே, சுவர் எங்கே போகும்?" என்றார். அந்தப் பதிலை நம்பி வேலையை நிறுத்தாமல் விட்டேன். அவர் எங்களுக்குப் பாதுகாப்பு என்று சொன்ன அந்தப் பிடிப்புதான் மண்ணின் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கோவையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து, வரைபடத்தையும் கணக்குத் தாளையும் பார்த்து எனக்கு விளக்கினார். சாலையோரத்தில் தனியாக நிற்கும் தாங்குசுவர், மண் தள்ளும்போது உச்சியில் சற்றே வெளியே சாய்கிறது. 3 மீட்டர் உயரச் சுவருக்கு ஏறத்தாழ 3 முதல் 6 மில்லிமீட்டர் சாய்வு கிடைத்தால் போதும், மண் தன் உள் உராய்வால் தன்னையே ஓரளவு தாங்கிக்கொண்டு சுவர்மேல் உள்ள அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் கிராவலுக்கு அந்த நிலையில் பக்கவாட்டு அழுத்தம், மேலிருந்து வரும் மண்ணின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ராஃப்டும் ஸ்லாபும் இரு முனையிலும் பிடித்திருக்கும் சுவர் அப்படிச் சாய்ந்துகொடுக்காது. மண்ணும் தளராது, அது ஓய்வுநிலை அழுத்தத்திலேயே நிற்கும். ஹங்கேரியப் பொறியாளர் யாக்கி 1944இல் தந்த K0 = 1 − sin φ என்ற சமன்பாட்டில் உராய்வுக் கோணம் 30 பாகை என்று போட்டால் 0.5, அதாவது மண் எடையில் பாதி வருகிறது. கன மீட்டருக்கு 1.8 டன் எடையுள்ள மண்ணுக்கு, ஒரு மீட்டர் நீளச் சுவரின் மேல் மொத்தத் தள்ளல் முதல் கணக்கில் 2.7 டன், இரண்டாவதில் 4 டன். எங்கள் கணக்குத் தாளில் 0.33 என்றே எழுதியிருந்தது. ஏதோ ஒரு சாலைத் தாங்குசுவரின் கணக்கை அப்படியே எடுத்து, உயரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

கான்ட்ராக்டர் இதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தனியாக நிற்கும் சுவராக எண்ணி அடியில் தடித்த கம்பி போட்டிருக்கிறேன், அடிப்பாகத்துக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று வாதிட்டார். அடிப்பாகத்தைப் பற்றி மட்டும் அவர் சொன்னது ஓய்வுநிலை அழுத்தத்துக்குச் சரிதான். ஆனால் தனிச் சுவரில் இழுவை முழுவதும் மண் பக்கத்து முகத்தில், அடியில்தான் வரும். ஸ்லாப் பிடித்த சுவரோ இரண்டு தாங்கலுக்கு நடுவே கிடக்கும் பலகைபோல உள்ளே வளைகிறது, அதனால் நடு உயரத்தில் உட்புற முகம் இழுபடுகிறது. எங்கள் சுவரின் உட்புறத்தில் இருந்ததோ, 200 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வைத்த 8 மில்லிமீட்டர் கம்பி மட்டும்தான். விரிசல் வந்த இடமும் அதே நடுப்பகுதிதான்.

இதற்கு மேல் ரோலர் சேர்ந்துகொண்டது. உருளை மண்ணை அழுத்தும்போது மண் பக்கவாட்டிலும் தள்ளப்படுகிறது. உருளை நகர்ந்ததும் மேலிருந்த சுமை போய்விடுகிறது, ஆனால் மண் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொண்டதால் பக்கவாட்டு அழுத்தத்தின் பெரும்பகுதி திரும்பப் போவதில்லை. அடுத்த அடுக்கு, அதற்கடுத்த அடுக்கு என்று ஒவ்வொன்றிலும் இது நடந்து, அழுத்தம் சுவரின் உயரம் முழுவதும் தங்கிவிடுகிறது. மண்ணை இறுக்குவதால் சுவரில் வரும் அழுத்தத்துக்குப் பொறியாளர் இங்கோல்ட் 1979இல் தந்த எளிய முறையில் எங்கள் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். உருளையின் எடையையும் அதிர்வு விசையையும் சேர்த்து மீட்டருக்கு 10 டன் என்று கொண்டால், சுமார் ஒரு மீட்டர் ஆழத்திலேயே சதுர மீட்டருக்கு 3.4 டன் அழுத்தம் வந்து, அதே அளவு அடிவரைக்கும் தொடர்கிறது. மண்ணின் ஓய்வுநிலை அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் அடிப்பாகத்திலேயே அது 2.7 டன்தான். மொத்தத் தள்ளல் 8.6 டன் ஆகிறது. வடிவமைத்ததைவிட மூன்று மடங்குக்கும் மேல். இந்த முறை தோராயமானதுதான் என்பதையும் அவரே சொன்னார், ஆனாலும் விரிசலுக்குக் காரணம் தேட வேறெங்கும் போகவேண்டிய அவசியம் இல்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதைக் காட்டியது மண்ணை வெளியே எடுத்த நாள். விரிசலின் குறுக்கே மூன்று இடங்களில் ஜிப்சம் அப்பி, அகலத்தை அளவு அட்டையால் பார்த்து வந்தோம். மேற்குப் பக்கத்து மண்ணைப் பாதி உயரத்துக்குத் தோண்டி எடுத்த மாலையில் 0.5 மில்லிமீட்டராக இருந்த விரிசல் 0.3 ஆகச் சுருங்கியது. கான்கிரீட் உலர்ந்ததால் வந்த சாதாரண விரிசல் என்று கான்ட்ராக்டர் அதுவரை சொல்லிவந்தார். மண்ணை எடுத்தால் உலர்வு விரிசல் இப்படி மூடாது.

வரைபடம் கையில் கிடைத்ததும், ஸ்லாப் பிடித்த சுவருக்கு 0.33 என்ற எண் இருக்கிறதா, உட்புற முகத்தின் நடுவில் கணக்கிட்ட கம்பி இருக்கிறதா, எந்த இயந்திரம் சுவருக்கு எவ்வளவு அருகில் வரலாம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து குறைந்தது 2 மீட்டருக்குள் கனரக ரோலர் வரவே கூடாது. அந்தப் பட்டையில் 150 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, கையால் நடத்தும் சிறிய தட்டு அதிர்வானால் இறுக்கினால் போதும். ஸ்லாப் கான்கிரீட் வலுப்பெறாமல், உள்ளே முட்டுக் கொடுக்காமல் மண் நிரப்புவதும் கூடாது. அந்த நிலையில் சுவருக்கு மேலே பிடிப்பே இருக்காது.

நாங்கள் மேற்குப் பக்க மண் முழுவதையும் எடுத்து, விரிசலில் எபாக்சி ஏற்றி, உட்புறத்தில் கம்பி பிணைத்த 125 மில்லிமீட்டர் கான்கிரீட் உறையைப் பழைய சுவரில் ஆங்கர் கம்பிகளால் இணைத்துக் கட்டினோம். அதற்குப் பிறகுதான் கையால் இறுக்கி மண்ணைத் திரும்பப் போட்டோம். அந்தச் செலவைக் கான்ட்ராக்டர் ஏற்கவில்லை, கடைசித் தவணையை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. ரோலர் ஓடிய தெற்குச் சுவரில் இதுவரை விரிசல் இல்லை. அங்கேயும் ஜிப்சம் அப்பி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நானே போய்ப் பார்த்து வருகிறேன்.