டிரே நிறைய பேப்பர், பிரிண்டர் மட்டும் "பேப்பர் இல்லை" என்கிறதா? போர்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ஹால் டிக்கெட் எல்லாம் எடுத்துக் கொடுப்போம். போன மாதம் கூட்டம் நெரியும் நேரத்தில் சின்ன லேசர் பிரிண்டர் மக்கர் பண்ணியது. முன்பக்கம் திறந்த டிரேயில் பேப்பர் வைக்கும் வகை அது. நூறு தாள் வைத்திருந்தும் திரையில் Out of Paper. தாளை எடுத்து விசிறி, தட்டி, திரும்ப வைத்தாலும் அதே பல்லவி.

சர்வீஸ்காரர் வந்தார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. "போர்டு போயிடுச்சுண்ணே" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் கொண்டுவந்து 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பிரிண்ட் வந்தது. பழைய போர்டைக் கேட்டேன், "கம்பெனிக்கு ரிட்டர்ன் போகணும்" என்றார். கடையில் ஆள் நின்றதால் நானும் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஒன்று உறுத்தியது. டிரேயில் பேப்பர் தீர்ந்தபோது பிரிண்டர் பேப்பர் இல்லை என்று சொல்லவில்லை. தாளை இழுக்கும் ரோலரை வெறுமனே இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டு, பேப்பர் சிக்கியிருக்கிறது என்று காட்டியது. சிக்க அங்கே தாளே இல்லையே! மூன்றாம் நாள் பழைய கோளாறும் திரும்பி வந்தது. சர்வீஸ்காரர் போனை எடுக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னதும் முதலில் கேட்டது: "பிரிண்ட் கொடுத்ததும் ரோலர் சுத்துதா, சுத்தாமலே பேப்பர் இல்லன்னு சொல்லுதா?" சுற்றவில்லை என்றேன். "அப்போ சென்சார் லீவரைப் பாரு" என்று டார்ச்சைக் கையில் கொடுத்தார்.

டிரேயிலிருந்து தாள் உள்ளே போகும் வாயில் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு ஒன்று தொங்கும். அதைத்தான் ஃபிளாக் என்கிறார்கள். தாள் வைத்தால் அது தள்ளப்படும். அதன் மறுமுனை, உள்ளே U வடிவத்தில் இருக்கும் சின்ன ஒளிச் சென்சாரின் இடுக்கில் நுழையும் அல்லது விலகும். அந்த வெளிச்சம் மறைகிறதா, இல்லையா என்பதை வைத்துத்தான் பிரிண்டர் பேப்பர் இருப்பதை அறிகிறது. தாளைக் கண்ணால் பார்ப்பதில்லை.

என் மெஷினில் அந்த நாக்கின் அச்சு முனை உடைந்திருந்தது. சிக்கிய தாளை எங்கள் பையன் வெடுக்கென்று இழுத்திருக்கிறான், அப்போது போயிருக்கும். அதன் மேல் ஒரு துண்டு செலோடேப். சர்வீஸ்காரர் நாக்கை "பேப்பர் இருக்கு" என்ற நிலையிலேயே ஒட்டிவைத்திருக்கிறார்! அதனால்தான் டிரே காலியானபோதும் மெஷின் தாளை இழுக்கப் பார்த்துத் தோற்றது. சூட்டில் டேப் விட்டதும் நாக்கு தொங்கி, கோளாறு திரும்பியது. போர்டைப் பார்த்தால் பல வருஷத்துத் தூசி அப்படியே படிந்திருக்கிறது, ஸ்குரூவில் ஸ்குரூடிரைவர் பட்ட தடமே இல்லை. மெக்கானிக் பழைய மெஷின் ஒன்றிலிருந்து அந்த நாக்கைக் கழற்றிப் போட்டுக் கொடுத்து 150 ரூபாய் வாங்கினார்.

நீங்களே சோதிக்கலாம். பிரிண்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டார்ச் அடித்து நாக்கை விரலால் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். விட்டதும் தானாகத் திரும்ப வேண்டும். தொளதொளவென்று ஆடினாலோ, பாதியில் நின்றாலோ கோளாறு அங்கேதான். நாக்கு சரியாக இருந்தால் சென்சார் இடுக்கில் கிழிந்த தாள் துணுக்கோ, பேப்பர் தூசியோ அடைத்திருக்கலாம். பிளோயரால் ஊதிப் பாருங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால்தான் சென்சார் வயர், கடைசியாகப் போர்டு.

ரோலர் சுற்றிச் சுற்றி, தாளை இழுக்க முடியாமல் அதன் பிறகு பேப்பர் இல்லை என்றால் கதை வேறு. பல சின்ன மெஷின்கள் இரண்டுக்கும் ஒரே செய்திதான் காட்டும், ஏமாற்ற வசதி. அப்போது பிக்கப் ரோலரைப் பாருங்கள். புது ரப்பர் மங்கலாக, பிடிப்பாக இருக்கும். தேய்ந்தது கண்ணாடிபோல் பளபளக்கும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த, நூல் விடாத துணியால் சுற்றித் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். தின்னர் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். துடைத்ததும் தாள் இழுத்து, சில நாளில் மறுபடி தோற்றால் ரோலர் முடிந்தது என்று அர்த்தம். மாற்றும்போது அடியில் இருக்கும், தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் செபரேஷன் பேடையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரம் கோத்த தாளும் இதே மாதிரி வம்பு செய்யும். புதுக் கட்டைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு ரோலரைக் குறை சொல்லுங்கள்.

சர்வீஸ்காரர் கொடுத்த பில்லை நேற்றுதான் சரியாகப் படித்தேன். "சர்வீஸ் சார்ஜ் 4,800" என்று மட்டும் இருக்கிறது. போர்டு என்ற சொல்லே அதில் இல்லை. காசு கொடுப்பதற்கு முன்பே மாற்றிய பாகத்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பழைய பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.